‘ஒன் பை த்ரீ பை ஹெச்’: காதால் மட்டும் படிப்பவருக்குக் கணக்கு சொல்வது

பத்தாம் வகுப்பு அளவியல் பாடத்தில் கூம்பின் இடைக்கண்டம் வருகிறது. வாளி, டம்ளர் மாதிரி ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் இருக்கும் உருவம். அதன் கன அளவுக்கான சூத்திரம் இது:

V = πh/3 (R² + Rr + r²)

கரும்பலகையில் இதை எழுதிக்கொண்டே நாங்கள் வாயால் சொல்வது இப்படி இருக்கும்: “வி ஈக்வல் டூ ஒன் பை த்ரீ பை ஹெச் இன்டூ ஆர் ஸ்கொயர் பிளஸ் ஆர் ஆர் பிளஸ் ஆர் ஸ்கொயர்.” தமிழ் வழியில் கணக்கு நடத்துகிற பெரும்பாலான வகுப்புகளில் இதே பேச்சுதான். கண் பலகையில் இருப்பதால் யாருக்கும் இதில் குழப்பம் வருவதில்லை. பலகையை எடுத்துவிட்டு இந்த வாக்கியத்தை மட்டும் ஒருவர் கேட்டால் என்ன எழுதுவார் என்பதுதான் கேள்வி.

நான் கடலூரில் கணித ஆசிரியை. எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பில் பார்வையில்லாத மாணவி ஒருவர் படித்தார். எல்லாரோடும் அதே வகுப்பில் உட்கார்ந்து, வீட்டுக்குப் போய் செல்பேசியில் வகுப்பின் ஒலிப்பதிவைத் திரும்பக் கேட்டு, பிரெயிலில் குறிப்பு எழுதிக்கொள்வார். அளவியல் பாடம் தொடங்கிய சமயம், அவருக்காக வரும் சிறப்பாசிரியர் என்னிடம், “டீச்சர், வகுப்புல பதிவு பண்றது பத்தல. இந்தப் பாடத்த மட்டும் தனியாப் பேசித் தர முடியுமா?” என்று கேட்டார். ஏன் பத்தவில்லை என்று பார்க்க மாணவியை அவருடைய குறிப்பை வாசித்துக் காட்டச் சொன்னேன்.

வாசித்துவிட்டு அவரே கேட்டார்: “மிஸ், ஆர் ஸ்கொயர், அப்புறம் ஆர் ஆர், அப்புறம் மறுபடியும் ஆர் ஸ்கொயர். மூணும் ஒண்ணுதானே? அப்ப மூணு ஆர் ஸ்கொயர்னு சுருக்கிடலாம்ல? சுருக்கினா கீழ இருக்குற மூணும் அடிபட்டு பை ஆர் ஸ்கொயர் ஹெச்னு வருது. அது உருளையோட சூத்திரமாச்சே மிஸ்?”

இந்தக் கேள்வியில் கணக்கு துளியும் தப்பில்லை. பெரிய ஆரமும் சின்ன ஆரமும் சமமாக இருந்தால் இடைக்கண்டம் உருளையாகத்தான் ஆகும். அவர் காதில் விழுந்ததை வைத்து அவர் செய்த சுருக்கம் முழுக்கச் சரி. காதில் விழுந்ததுதான் வேறு சூத்திரம். அந்தக் கேள்விக்குப் பிறகு எந்த இடத்தில் ஒலி ஏமாற்றுகிறது என்று ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பார்க்க ஆரம்பித்தேன்.

முதலில் ‘பை’. வகுத்தலுக்கும் பை என்கிறோம், π-க்கும் பை என்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் முதல் ஒலி வேறு. தமிழில் சொல்லின் முதலில் வரும் பகரத்தை அப்படிப் பிரித்துக் கேட்டுப் பழக்கமில்லை, எழுத்திலும் ஒரே ‘பை’தான். ஆகவே “ஒன் பை த்ரீ பை ஹெச்” என்பதை மூன்றில் ஒன்று பெருக்கல் π பெருக்கல் h என்றும் எழுதலாம், ஒன்றை மூன்றால் வகுத்து மறுபடி h-ஆல் வகு என்றும் எழுதலாம். 3πh முழுவதும் கீழே இருக்கிறது என்றுகூட எழுதலாம். “டூ பை ஆர்” இன்னும் மோசம். அது வட்டத்தின் சுற்றளவாகவும் இருக்கலாம், 2/r ஆகவும் இருக்கலாம். π-இன் மதிப்பைச் சொல்லும்போது “பை ஈக்வல் டூ ட்வென்டி டூ பை செவன்” என்கிறோமே, அதில் முதல் பை ஒன்று, கடைசி பை வேறொன்று.

அடுத்தது ‘டூ’. ஈக்வல் டூ, இன்டூ, எண் இரண்டு என மூன்றும் ஒரே ஓசையில் முடிகின்றன. “வி ஈக்வல் டூ பை ஆர்” என்று ஒருவர் சற்று வேகமாகச் சொன்னால் அங்கே 2 இருக்கிறதா இல்லையா என்று கேட்பவர் ஊகிக்கத்தான் வேண்டும்.

மூன்றாவது ‘ஆர்’. பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வாயில் ஒன்றுதான் என்பது தெரிந்த சங்கதி. அதோடு தமிழில் இன்னொரு சங்கடமும் உண்டு. எழுத்து ஆர், எண் ஆறு. வேகமாகப் பேசும்போது “ஆர் வர்க்கம்”, “ஆறு வர்க்கம்” இரண்டையும் பிரிப்பது கடினம். செல்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் கேட்டால் இன்னும் கடினம்.

நான்காவது அடைப்புக்குறி. அதை நாங்கள் சொல்வதே இல்லை. “இன்டூ” என்று சொல்லிவிட்டுச் சற்று நிறுத்துவோம், அவ்வளவுதான். அந்த இன்டூ முதல் உறுப்புக்கு மட்டுமா, மூன்றுக்குமா என்பதைப் பலகையில் இருக்கும் அடைப்புக்குறிதான் சொல்கிறது.

பேச்சுக் கணிதத்துக்கு விதிகள் வகுத்தவர்கள் ஏற்கனவே இருக்கிறார்கள். ஆபிரகாம் நெமத் என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் பிறவியிலேயே பார்வையற்றவர். கணிதத்தைப் பிரெயிலில் எழுத இன்று பல நாடுகளில் வழங்கும் நெமத் குறியீடு அவர் உருவாக்கியது, 1952-இல் வெளிவந்தது. பிறர் அவருக்குக் கணிதத்தை வாசிக்கும்போது இரு பொருள் வராமல் எப்படி வாசிக்க வேண்டும் என்பதற்கும் அவர் ஒரு முறை வைத்திருந்தார். பின்னம் எங்கே தொடங்குகிறது, கோடு எங்கே, எங்கே முடிகிறது என்ற மூன்றையும் வாயால் சொல்லியாக வேண்டும் என்பது அதன் அடிப்படை. டி. வி. ராமன் என்ற இந்தியக் கணினி அறிஞர், அவரும் பார்வையற்றவர், 1994-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் செய்த முனைவர் பட்ட ஆய்வில் வேறு வழியைக் கையாண்டார். கணினிக் குரலின் சுருதியையே மாற்றி, அடுக்கு வரும் இடத்தில் குரல் உயரும்படி செய்தார். எனக்கு இரண்டும் உதவின. ஆனால் ‘பை’யும் ‘ஆர்’–‘ஆறு’ம் நம் வாயில் வரும் சிக்கல்கள். அவற்றுக்கு இங்கேதான் வழி தேட வேண்டியிருந்தது.

நான் எடுத்த முடிவு ஒன்றே ஒன்று: ஓர் ஓசைக்கு ஒரு பொருள்தான். மற்ற விதிகள் எல்லாம் இதிலிருந்து வந்தவை.

பை என்றால் π மட்டும். வகுத்தலுக்கு அந்த ஓசையைப் பாடம் முழுக்க ஓர் இடத்திலும் பயன்படுத்துவதில்லை. ஈக்வல் டூ என்பதற்குச் ‘சமம்’, இன்டூ என்பதற்குப் ‘பெருக்கல்’, பிளஸ் என்பதற்குக் ‘கூட்டல்’. எண்கள் தமிழில்: இரண்டு, மூன்று, பதினான்கு. இதனால் டூ என்ற ஓசையே பதிவில் இல்லாமல் போனது. கழித்தல் செயலுக்குக் ‘கழித்தல்’, குறை எண்ணின் அடையாளத்துக்கு மட்டும் ‘மைனஸ்’. ஐந்து கழித்தல் மைனஸ் மூன்று என்றால் எது செயல், எது அடையாளம் என்று கேட்டவுடனே தெரிகிறது.

பின்னத்துக்குத்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. பாடநூலில் தொகுதி, பகுதி என்று நல்ல சொற்கள் உண்டு. முதலில் அவற்றைத்தான் வைத்துப் பேசிப் பார்த்தேன். வேகமாகக் கேட்டால் இரண்டிலும் காதில் நிற்பது ‘குதி’ மட்டும். தமிழில் இயல்பாக நாம் சொல்லும் ‘மூன்றில் ஒன்று’ அழகாகவும் தெளிவாகவும் இருக்கிறது. ஆனால் அதில் கீழே உள்ள எண் முதலில் வருகிறது. கேட்டுக்கொண்டே இடமிருந்து வலமாகப் பிரெயிலில் எழுதுகிறவர் மேல் எண் வரும் வரை கீழ் எண்ணை நினைவில் வைத்துக் காத்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்று என்றால் பரவாயில்லை. கீழே ஒரு கோவையே இருந்தால் முடியாது. “இதை இதால் வகுக்க” என்ற அமைப்பிலும் ஒரு குறை உண்டு. ‘ஏ கூட்டல் பி-ஐ’ என்று கேட்டவுடன் அந்த ‘ஐ’ பி-க்கு மட்டுமா, கூட்டலுக்கு முழுக்கவா என்று சொல்ல வழியில்லை. கடைசியில் ‘பின்னம் தொடக்கம், மேலே, கீழே, பின்னம் முடிவு’ என்று வைத்துக்கொண்டேன். அரை, கால், மூன்றில் ஒன்று போன்ற எளிய பின்னங்கள் தனியாக வரும்போது மட்டும் வழக்கமான பெயரிலேயே சொல்கிறேன்.

அடைப்புக்கும் அதே மாதிரி ‘அடைப்பு தொடக்கம், அடைப்பு முடிவு’. வர்க்கத்துக்கு ஒரு சின்ன விதி: வர்க்கம் என்பது சற்று முன் சொன்ன ஒரே ஒரு எழுத்துக்கோ எண்ணுக்கோ மட்டும். அதைவிடப் பெரிதாக இருந்தால் கட்டாயம் அடைப்பு வரும். “இரண்டு எக்ஸ் வர்க்கம்” என்றால் 2x². (2x)² வேண்டுமானால் “அடைப்பு தொடக்கம், இரண்டு எக்ஸ், அடைப்பு முடிவு, வர்க்கம்”. இந்த விதியை முதல் பதிவிலேயே இந்த எடுத்துக்காட்டோடு சொல்லிவிட்டேன்.

ஆர் விஷயத்தில், முதல் முறை ‘பெரிய எழுத்து ஆர்’, ‘சிறிய எழுத்து ஆர்’ என்று முழுதாகச் சொல்லி, அவை எதைக் குறிக்கின்றன என்றும் சொல்லிவிட்டு, பிறகு பெரிய ஆர், சின்ன ஆர். இந்தப் பாடத்தில் பெரிய எழுத்து பெரிய ஆரத்துக்கே வருவதால் இது ஒத்துப்போகிறது. எண் ஆறு வரும் இடத்தில் ‘எண் ஆறு’ என்றே சொல்கிறேன். அறிமுகக் கணக்குகளில் 6 வராதபடி அளவுகளைத் தேர்ந்தெடுத்தால் இன்னும் நல்லது.

இப்படி வைத்துப் பார்த்தால் அந்தச் சூத்திரம் இவ்வாறு ஆகிறது:

“வி சமம், பின்னம் தொடக்கம், மேலே பை பெருக்கல் ஹெச், கீழே மூன்று, பின்னம் முடிவு, பெருக்கல், அடைப்பு தொடக்கம், பெரிய ஆர் வர்க்கம், கூட்டல், பெரிய ஆர் பெருக்கல் சின்ன ஆர், கூட்டல், சின்ன ஆர் வர்க்கம், அடைப்பு முடிவு.”

இதில் ஐயத்துக்கு இடமில்லை. ஆனால் முதல் தடவை கேட்கிறவருக்கு இது நீளம்; பாதி வருவதற்குள் முன்பாதி மறந்துவிடும். அதனால் சூத்திரத்தைச் சொல்வதற்கு முன்பு அதன் உருவத்தை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுகிறேன்: “வலப்பக்கத்தில் இரண்டு துண்டுகள் பெருக்கிக்கொண்டு நிற்கின்றன. முதல் துண்டு ஒரு பின்னம். இரண்டாவது ஓர் அடைப்பு, அதற்குள் மூன்று உறுப்புகளின் கூட்டல்.” பலகையைப் பார்க்கிற பிள்ளை ஒரே பார்வையில் இதைத்தான் முதலில் பிடித்துக்கொள்கிறது. இதைக் கேட்ட பிறகு வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் உட்கார ஓர் இடம் தயாராக இருக்கிறது. முழு வாசிப்பு முடிந்ததும் பொருள் வாசிப்பு ஒன்று: “பெரிய ஆரத்தின் வர்க்கம், இரண்டு ஆரங்களின் பெருக்கல், சின்ன ஆரத்தின் வர்க்கம் மூன்றையும் கூட்டு. அதை உயரத்தாலும் பையாலும் பெருக்கு. வந்ததில் மூன்றில் ஒரு பங்கு எடு.” மனப்பாடத்துக்கு உதவுவது இதுதான் என்று மாணவி சொன்னார். எழுதுவதற்கு முந்தையது வேண்டும். இரண்டையும் கலக்காமல், ‘எழுத’ என்றும் ‘புரிய’ என்றும் அறிவித்துவிட்டே வாசிக்கிறேன்.

இப்போது ஒரு கணக்கு. வாளியின் மேல் ஆரம் 14 செ.மீ., கீழ் ஆரம் 7 செ.மீ., உயரம் 12 செ.மீ. கொள்ளளவு காண வேண்டும். பிரதியிட்ட வரியை இப்படிச் சொன்னேன்:

“பின்னம் தொடக்கம், மேலே இருபத்திரண்டு பெருக்கல் பன்னிரண்டு, கீழே ஏழு பெருக்கல் மூன்று, பின்னம் முடிவு, பெருக்கல், அடைப்பு தொடக்கம், பதினான்கு வர்க்கம், கூட்டல், பதினான்கு பெருக்கல் ஏழு, கூட்டல், ஏழு வர்க்கம், அடைப்பு முடிவு.”

22/7 இங்கே தனிப் பின்னமாக வரவில்லை என்பதைக் கவனியுங்கள். அதை மூன்றோடு சேர்த்து ஒரே பின்னமாக எழுதிக்கொண்டால் வாசிப்பில் பின்னத்துக்குள் பின்னம் வராது. பலகையில் அழகாக இருக்கும் அடுக்குப் பின்னம் காதுக்குச் சுமை. பதிவு செய்யும் முன் தாளிலேயே வரியை மாற்றி எழுதிக்கொள்வது, வாசிப்பில் திறமை காட்டுவதைவிடச் சுலபம்.

அடுத்த வரிகளில் முழுவதையும் திரும்ப வாசிப்பதில்லை. “பின்னம் அப்படியே இருக்கிறது. அடைப்புக்குள் மட்டும் மாறுகிறது: நூற்றுத் தொண்ணூற்றாறு கூட்டல் தொண்ணூற்றெட்டு கூட்டல் நாற்பத்தொன்பது. மொத்தம் முந்நூற்று நாற்பத்து மூன்று.” பிறகு, “இப்போது பின்னத்துக்கு வருவோம். கீழே உள்ள ஏழு, முந்நூற்று நாற்பத்து மூன்றில் நாற்பத்தொன்பது தடவை போகிறது. கீழே உள்ள மூன்று, பன்னிரண்டில் நான்கு தடவை போகிறது. மிச்சம் இருபத்திரண்டு பெருக்கல் நான்கு பெருக்கல் நாற்பத்தொன்பது.” விடை 4312 கன செ.மீ. எது மாறியது, எது மாறவில்லை என்று சொல்வதுதான் இதில் முக்கியம். வகுப்பில் நாங்கள் “இத அடிச்சா இது, அத அடிச்சா அது” என்று விரலால் காட்டி நகர்ந்துவிடுகிறோம். இது, அது, இங்கே, அங்கே என்ற சொற்கள் வந்தால் அந்த வாக்கியம் காதுக்குத் தேறாது. எழுதிய உரையில் அவற்றை மட்டும் தேடிப் பிடித்து எழுத்துப் பெயரோ எண்ணோ போட்டாலே பாதி வேலை முடியும்.

சரி, கேட்டவர் சரியாகக் கேட்டாரா என்று எப்படித் தெரியும்? விடையை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று தோன்றும். இந்த வாளியின் கொள்ளளவு, 7 செ.மீ. ஆரமுள்ள உருளையைவிட அதிகமாகவும் 14 செ.மீ. ஆரமுள்ள உருளையைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். அதாவது 1848-க்கும் 7392-க்கும் நடுவில். மாணவி முதலில் எழுதியிருந்தபடி எல்லா ஆரும் ஒன்று என்று எடுத்தால் விடை சரியாக இந்த இரண்டு எல்லைகளில் ஒன்றில் போய் நிற்கும், உடனே மாட்டிக்கொள்ளும். ஆனால் அடைப்பு தவறிப்போனால், அதாவது πh/3 முதல் உறுப்பை மட்டும் பெருக்கினால், 2464 கூட்டல் 98 கூட்டல் 49, ஆக 2611 வரும். இதுவும் எல்லைக்குள்தான் இருக்கிறது. பார்க்க நல்ல விடை மாதிரியே இருக்கும். இதைப் பிடிக்க அலகுதான் வழி: 2464 கன செ.மீ., 98 வெறும் சதுர செ.மீ. கன அளவோடு பரப்பைக் கூட்ட முடியாது. இந்தச் சோதனையையும் பதிவிலேயே சொல்லிக்கொடுத்தேன். அடைப்பைத் தவறவிடுவது காதால் படிப்பவருக்கு அடிக்கடி நேரும் ஆபத்து, அதற்கு அவரே பார்த்துக்கொள்ள ஒரு கருவி வேண்டும்.

பதிவை மாணவிக்குக் கொடுக்கும் முன்பு செய்யும் சோதனை வேறு. அந்தச் சூத்திரம் தெரியாத ஒருவரைக் கேட்கவைத்து எழுதச் சொல்ல வேண்டும். இன்னொரு கணித ஆசிரியரைக் கேட்டால் பயனில்லை, அவர் காதில் என்ன விழுந்தாலும் கை சரியானதைத்தான் எழுதும். நான் எங்கள் பள்ளித் தமிழாசிரியரைப் பிடித்தேன். பழைய வகுப்புப் பேச்சை முதலில் சொல்லிக் காட்டினேன். பேனாவைப் பிடித்தபடியே, “டீச்சர், இதுல பை ரெண்டு வருதே, ரெண்டும் ஒண்ணா?” என்றார். “உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படி எழுதுங்க ஐயா” என்றேன். ஒன்றுக்குக் கீழே மூன்று, அதற்குக் கீழே இன்னொரு கோடு, அதற்குக் கீழே h என்று எழுதினார். புதிய வாசிப்பைச் சொன்னபோது ஒரே இடத்தில்தான் நின்றார். ‘ஹெச்’சுக்கும் ‘கீழே’க்கும் நடுவில் நான் போதிய இடைவெளி விடவில்லை. அந்த ஒரு வரியைத் திருத்திப் பேசினேன். எழுதுகிறவரிடம் விளக்கம் சொல்லாமல் இருப்பதுதான் இந்தச் சோதனையில் கஷ்டமான பகுதி. அவர் தடுமாறும் இடத்தைத் தாளில் குறித்துக்கொண்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

இடைவெளி பற்றிச் சொன்னேன் அல்லவா, அதை மட்டுமே நம்பக் கூடாது. அடைப்பைச் சொல்லாமல் நல்ல நிறுத்தத்தோடு வாசித்தாலே போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். என் மாணவி பதிவை ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்கிறவர். திரைவாசிப்பானைப் பயன்படுத்தும் பலருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. வேகம் கூடினால் நிறுத்தமும் அதே விகிதத்தில் சுருங்கும். ஒலியைத் திருத்தும் ஆடாசிட்டி மாதிரி மென்பொருளில் மௌனத்தைச் சுருக்கும் வசதி உண்டு. கோப்பு சிறிதாகட்டும் என்று யாராவது அதை ஓடவிட்டால் அடைப்புகள் எல்லாம் சத்தமில்லாமல் காணாமல் போகும். ஆகவே கட்டமைப்பைச் சொல் சுமக்க வேண்டும். நிறுத்தமும் குரல் ஏற்றமும் அதற்குத் துணை. வர்க்கத்துக்குக் குரலைச் சற்று உயர்த்துவதை நான் செய்கிறேன். அது நன்றாகவே எடுபடுகிறது. ஆனால் அடுக்குக்குள் அடுக்கு வந்தால் மனிதக் குரலுக்கு அத்தனை படிகள் கிடையாது.

பாடம் முழுக்க ‘தொடக்கம், முடிவு’ என்று சொல்லிக்கொண்டிருந்தால் அலுத்துவிடும். சூத்திரம் பழகிய பிறகு மூன்றாவது நான்காவது கணக்கிலிருந்து சுருக்க வாசிப்புக்கு மாறுகிறேன்: “பை ஹெச், கீழே மூன்று, அடைப்பு, பெரிய ஆர் வர்க்கம்…” என்று போகும். மாறும்போது “இனி சுருக்கமாக வாசிக்கிறேன்” என்று ஒரு முறை சொல்லிவிட வேண்டும். சுருக்கத்திலும் அடைப்பின் முடிவை மட்டும் விடுவதில்லை.

எழுத்துகளின் பெயர் இடறும் இடம் இன்னொன்றும் உண்டு. கூட்டுத்தொடர் வரிசையில் tₙ = a + (n − 1)d. இதில் t-யும் d-யும் நம் வாயில் ஒரே ‘டி’. t-க்கு ‘டேபிள் டி’, d-க்கு ‘டெல்லி டி’ என்று தொடக்கத்தில் அறிமுகம் செய்துவிட்டு, பிறகு tₙ வரும் இடங்களில் ‘என்-ஆவது உறுப்பு’ என்றும், d-க்கு ‘பொது வித்தியாசம் டி’ என்றும் சொல்கிறேன். பொருளைப் பெயராக வைத்தால் ஓசை ஒத்துப்போவது ஒரு பொருட்டே இல்லாமல் ஆகிறது. b-யும் p-யும் ஒரே கணக்கில் வந்தால் எழுத்தையே மாற்றிவிடுவேன். நான் எழுதும் கணக்குதானே, k போட்டால் என்ன?

சூத்திரத்தை வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பித் திரைவாசிப்பானை வாசிக்கவிட்டால் ஆகாதா என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். பிடிஎஃப்-இல் இருந்து நகலெடுத்து ஒட்டும்போது மேலே ஏறி நிற்கும் 2 பெரும்பாலும் தரைக்கு இறங்கிவிடும். R2 + Rr + r2 என்று வந்து நிற்கும். திரைவாசிப்பான் அதை “ஆர் டூ” என்று வாசிக்கும், பெரிய ஆர் சின்ன ஆர் வித்தியாசம் அதன் அமைப்பைப் பொறுத்தது. எழுத்தாக அனுப்புவதானால் அதையும் முழுச் சொல்லாகவே, பேசும் உரையாகவே தமிழில் எழுதி அனுப்புகிறேன்.

இந்த முறை தேர்விலும் பயன்பட்டது, அது நான் திட்டமிட்டதல்ல. தேர்வில் மாணவி வாயால் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதுவார். எழுதுகிறவருக்குக் கணக்கு தெரிந்திருக்கும் என்று நம்பியிருக்க முடியாது, தெரிந்தாலும் அவர் ஊகித்துத் திருத்தக் கூடாது. அதாவது இப்போது மாணவி வாசிப்பவர், எழுதுகிறவர் காதால் மட்டும் கேட்பவர். தேர்வுக்கு முன் தமிழாசிரியரையே மறுபடி உட்காரவைத்துப் பயிற்சி எடுத்தோம். மாணவி பழக்கத்தில் “ஒன் பை…” என்று ஆரம்பித்துவிட்டு, தானே நிறுத்தி, “இல்லங்கய்யா, பின்னம் தொடக்கம்னு வச்சுக்குங்க” என்றார். ஒவ்வொரு வரி முடிவிலும் எழுதியதைத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்பதையும் பழக்கினோம். எழுதியவர் “ஆர் ஆர்” என்று வாசித்தால், “முதல் ஆர் பெரிய எழுத்துங்களாய்யா?” என்று கேட்க வேண்டும். எழுதுகிறவரோடு முதல் ஐந்து நிமிடத்தில் பேசிக்கொள்ள வேண்டியவற்றை ஒரு சிறு பட்டியலாக மாணவியே வைத்துக்கொண்டார். பை என்றால் அந்தக் கிரேக்க எழுத்து மட்டும் என்பது அதில் முதல் வரி.

எல்லாவற்றையும் காதுக்குக் கொண்டுவந்துவிட முடியாது. அணிகள் பாடத்தில் இரண்டுக்கு இரண்டு அணி வரை நிரை நிரையாக வாசித்தால் பிடிபடுகிறது. அங்கேயும் நிரை, நிரல் இரண்டும் காதில் மோதுவதால் “முதல் நிரை, குறுக்கே” என்று ஒரு சொல் கூட்டிச் சொல்கிறேன். மூன்றுக்கு மூன்று வந்துவிட்டால் ஒன்பது எண்களையும் அவற்றின் இடத்தையும் மனதில் நிறுத்துவது வீண் சித்திரவதை. அதைப் பிரெயில் தாளில் கட்டமாகக் கொடுத்துவிட்டு, பதிவில் “தாளில் இரண்டாம் நிரைக்குக் கை வையுங்கள்” என்றுதான் பேசுகிறேன். பல்லுறுப்புக்கோவையின் வர்க்கமூலத்தை நீள் வகுத்தல் முறையில் காண்பதை நான் ஒலிப்பதிவாகச் செய்யவே இல்லை. அதில் எந்த வரி எதற்கு நேர் கீழே வருகிறது என்பதுதான் கணக்கே. அதைச் சிறப்பாசிரியர் பிரெயில் தாளில் படிப்படியாக அமைத்துத் தந்தார், நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன்.